பரு மறைந்தது, கன்னம் மாறவில்லை

கண்டக்குழிக் கடற்கரையில் கலியாண வீடியோ எடுத்தால் நேர் வெயிலோடும் உப்புக் காற்றோடும் மல்லுக்கட்ட வேண்டும். சென்ற மாதம் எடுத்த மணப்பெண்ணின் இடக் கன்னத்தில் சிவந்த பரு ஒன்று. “அண்ணே, இந்தப் பருவ மட்டும் மறைச்சுத் தாங்க. என்ட முகம் என்ட முகமாவே இருக்கோணும்” என்றார். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் 22 விநாடிக் காட்சி ஒன்றை எடுத்து முயன்றேன்.

முதலில் பருவின் மேல் சிறு வட்டம் போட்டு Track கொடுத்தேன். மூன்று விநாடியில் வட்டம் காதுப்பக்கம் நழுவிவிட்டது. வட்டத்துக்குள் இருக்கும் புள்ளிகளைப் பிடித்துத்தான் இந்தக் கருவி நகர்கிறது. வழவழப்பான கன்னத்தில் பிடிக்க எதுவும் இல்லை. எனவே மூக்கோரத்திலிருந்து கண்ணோரம்வரை பெரிய வட்டம் போட்டு, Perspective 3D-ஐ அணைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். பிறகு Clip நிலையில் வைத்தபடியே வட்டத்தைப் பருவின் அளவுக்குச் சுருக்கி நகர்த்தினேன். பிடித்த பாதை அப்படியே இருந்தது. காற்றில் முடி கன்னத்தின் குறுக்கே விழுந்த இடத்தில் மட்டும் வரைபடக் கோடு துள்ளியது. அங்கே துள்ளிய பகுதியின் பாதையை அழித்துவிட்டு, Frame நிலைக்கு மாறி, முடி வருமுன்பும் விலகிய பின்பும் வட்டத்தைக் கையால் வைத்தேன்.

அடுத்து, எதைக் குறைப்பது? பலரும் உடனே மங்கலாக்குகிறார்கள். கன்னம் மெழுகாவது அங்கேதான். பருவை நம் கண் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அதன் சிவப்பாலும் கருமையாலும்தான். எனவே வட்டத்தின் ஓரத்தை நன்றாக மென்மையாக்கி, Gamma-வைச் சற்றே உயர்த்தி, அதில் சிவப்பை மட்டும் இறக்கி, Saturation-ஐ 50-இலிருந்து 43-க்குக் கொண்டுவந்தேன். தோலின் நுண்துளைகளை இது தொடவில்லை; நிறம் மட்டும் பக்கத்துத் தோலோடு சேர்ந்தது. பருவின் மேட்டில் வெயில் மினுங்கியதற்கு மட்டும் Midtone Detail-ஐ -25 வைத்தேன். -60 வரை போய்ப் பார்த்தபோது அந்த இடம் பிளாஸ்டிக் பொட்டுப்போலத் தனியாகத் தெரிந்தது.

ஒரு தவறு பிந்தித்தான் புலப்பட்டது. அவர் வெயிலிலிருந்து பந்தல் நிழலுக்குள் நுழைந்ததும் பரு இருந்த இடம் வெளுத்த வட்டமாகியது. வெயிலுக்குச் சரியான அளவு நிழலுக்கு அதிகம். நிழல் தொடங்கும் இடத்தில் கீஃப்ரேம் போட்டுத் திருத்தத்தைப் பாதியாக்கினேன். நிறுத்திவைத்த படத்தில் இது பிடிபடாது. காட்சியை ஓடவிட்டு, Ctrl+D-யால் திருத்தத்தை அணைத்தும் ஏற்றியும் பார்க்க வேண்டும்.

கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவில் முகத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் Face Refinement உண்டு. நூறு காட்சிகள் உள்ளவருக்கு அது நேரத்தை மிச்சமாக்கும். ஆனால் ஒரே ஒரு பருவுக்கு இந்த வட்டமே எனக்குப் பிடித்தது. கைபேசியில் எடுப்பவர்கள் அழகுபடுத்தும் வசதியை முன்பே அணைத்துவிட வேண்டும். கேமராவே அழித்த தோலை எந்தச் செயலியும் திருப்பித் தராது. இந்த 22 விநாடிக்கு எனக்கு முக்கால் மணிநேரம் போனது. அதனால் நெருங்கி எடுத்த நான்கைந்து காட்சிகளுக்கு மட்டுமே இதைச் செய்கிறேன்.