மெழுகு மூடும் வரை

மார்த்தாண்டம் பகுதியில் தேனீ வளர்க்கத் தொடங்குபவர் நான்கு பெட்டிகளோடு நிற்பது நல்லது என்பேன். இங்கே ரப்பர் மரம் தேன் சுரப்பது பூவிலல்ல, இளந்தளிரின் காம்பில். இலையுதிர்ந்து தளிர்விடும் ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்தில்தான் வரத்து கொட்டும். இந்தியத் தேனீயின் பெட்டிக்கு எட்டு கிலோ என்று அடக்கமாகக் கணக்கிட்டாலும் 32 கிலோ வரும். பெட்டி கூடினால் தேனும் கூடும்தானே என்பார்கள். கூடும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிடும் அவசரமும் கூடும். அறைகளில் முக்கால் பங்காவது மெழுகால் மூடாத அடையைச் சுழற்றினால் நீர்த்த தேன்தான் கிடைக்கும். சில வாரங்களில் நுரைத்துப் புளிக்கும்.

காய்ச்சி நீரை வற்றவைக்கலாமே என்றும் கேட்பார்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மிதமாகச் சூடாக்கினால் நொதிக்கும் ஈஸ்ட் அடங்கும். அதற்குமேல் போனால் நிறம் கருகி, மணம் போய், ஹெச்எம்எஃப் ஏறும். உணவுப் பாதுகாப்பு விதி ஈரப்பதத்துக்கு 20 சதவீதமும், ஹெச்எம்எஃபுக்குக் கிலோவுக்கு 80 மில்லிகிராமும் உச்சவரம்பாக வைத்திருக்கிறது. ஒன்றைக் குறைக்கப்போய் மற்றதில் மாட்டக்கூடாது. பெட்டியிலேயே தேனீக்களின் சிறகு செய்யும் வேலையை அடுப்பு செய்யாது.

விற்கும் தேன் பாட்டிலின் சிட்டையில் உரிம எண், தயாரித்தவர் முகவரி, நிகர எடை, விலை, தொகுதி எண், அடைத்த நாள், பயன்படுத்த உகந்த காலம் இவை வேண்டும். மழைக்காலப் பஞ்சத்தில் ஊட்டிய சர்க்கரைப்பாகு அடையில் மிஞ்சியிருந்தால், வரத்து தொடங்கும்முன் அந்த அடையை அகற்றிவிடுங்கள். அது கலந்ததைத் தேன் என்று எழுதி ஒட்ட முடியாது.