தனி அடாப்டர் ஹப்: பாதித் தீர்வு

எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் காப்பி ஓடும்போதே திடீரென மறைந்துபோனால், விவரம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: “தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்க.” சரியான யோசனைதான், ஆனால் கேபிளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் காசு செலவழித்த பிறகும் டிஸ்க் மறைகிறது.

2.5 அங்குல டிஸ்க் ஓடுவது யூஎஸ்பி வழியே வரும் 5 வோல்ட்டில். யூஎஸ்பி 3.0 போர்ட் தர வேண்டியது 900 மில்லிஆம்பியர். அடாப்டர் இல்லாத ஹப் அந்த ஒரே பங்கைத்தான் தன்னிடம் செருகிய எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. டிஸ்க் சுழலத் தொடங்கும்போதும் தொடர்ந்து எழுதும்போதும் கூடுதலாக இழுக்கும். சின்ன ஃபைல் போய்ச் சேர்ந்து, பெரிய காப்பி மட்டும் பாதியில் அறுந்துபோவதற்கு இது காரணமாக இருக்கலாம். இந்த இடத்தில் தனி அடாப்டர் உண்மையாகவே உதவும்.

ஆனால் அந்த ஹப்பை மேசைக்குப் பின்னால் வைத்து, 2 மீட்டர் கேபிளில் டிஸ்க்கை மாட்டினால்? மலிவான கேபிள்களில் மின்சாரம் போகும் கம்பியும் 28 கேஜ் அளவில் மெல்லியதாக இருப்பதுண்டு. மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கணக்கில் 4 மீட்டர், அதாவது 0.85 ஓம். 0.9 ஆம்பியர் இழுக்கும் கணத்தில் 0.77 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். டிஸ்க்குக்குக் கிடைப்பது 4.2 வோல்ட் சொச்சம். இத்தகைய டிஸ்க்குகளுக்குப் பொதுவாக 4.75 வோல்ட்டாவது வேண்டும். அடாப்டர் எத்தனை ஆம்பியர் தந்தாலும் இந்த இழப்பு குறையாது. 24 கேஜ் கம்பியானால் இழப்பு 0.3 வோல்ட்டாகக் குறையும். அதுவும் 2 மீட்டருக்கு அதிகம்தான்.

ஆகவே நீளம் தேவைப்பட்டால் அது கணினிக்கும் ஹப்புக்கும் நடுவே இருக்கட்டும். டிஸ்க்குக்கான மின்சாரம் அந்த வழியில் வருவதில்லை. ஹப்பிலிருந்து டிஸ்க்குக்கு அரை மீட்டருக்குள் கேபிள் போதும்.

வாங்குவதற்கு முன் நோயைக் கண்டறிய ஒரு வழி உண்டு. டிஸ்க் மறைவதற்கு முன்பும், மீண்டும் தெரிந்த பிறகும் இதை ஓட்டிப் பாருங்கள் (`sdb` என்ற இடத்தில் உங்கள் டிஸ்க்கின் பெயர்):

```
sudo smartctl -A -d sat /dev/sdb
```

192 என்ற எண்ணுள்ள வரிசையில் `Power-Off_Retract_Count` இருந்தால் அதன் `RAW_VALUE` எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கையால் பிடுங்காதபோதும் அது ஏறியிருந்தால், தலைகளை முறையாக ஒதுக்க நேரமில்லாமல் டிஸ்க் மின்சாரம் இழந்திருக்கிறது என்று பொருள். ஏறாவிட்டால் மின்சாரத்தை முழுதும் விடுவித்துவிட முடியாது. பெட்டிக்குள் உள்ள பிரிட்ஜ் சிப் மட்டும் தடுமாறி ரீசெட் ஆகியிருக்கலாம். கேபிளைக் குட்டையாக்கி, அதே ஃபைலை மறுபடி காப்பி செய்து பார்ப்பதே அப்போது செலவில்லாத சோதனை.