பெயர்ப்பலகையில் ஏஇஎஸ்-256, உள்ளே MODP_1024

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில், தலைமை அலுவலகத்துக்கும் கிளை அலுவலகத்துக்கும் நடுவே ஒரு ஐபிசெக் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் இணைப்பு வரும். சரியாக ஒரு மணி நேரத்தில் அறுந்துவிடும். ரீஸ்டார்ட் பண்ணினால் மறுபடி ஒரு மணி நேரம். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, எங்கள் பக்கத்து செட்டிங்கில் PFS என்று இருந்த டிக்கை எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் அறுபடவே இல்லை.

"பாதுகாப்புக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்று மேலாளர் கேட்டார்.

"இல்ல சார், ஏஇஎஸ்-256 தானே ஓடுது" என்றேன்.

அந்தப் பதில் தப்பு. விபிஎன் விற்பவர்களின் விளம்பரங்களில் இன்றைக்கும் அதே பதிலைத்தான் பார்க்கிறேன். 'ராணுவத் தர 256 பிட்' என்று பெரிய எழுத்தில் இருக்கும், அந்த 256 பிட் சாவி எப்படிப் பிறந்தது, எப்போது அழிகிறது என்று ஒரு வரிகூட இருக்காது.

ஏஇஎஸ் என்பது பூட்டு மட்டும்தான். ஏஇஎஸ்-128-ஐயே எல்லாச் சாவிகளையும் போட்டுப்பார்த்துத் திறக்க யாராலும் முடியாது, 256-ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் இரண்டு முனைகளிலும் ஒரே சாவி இருந்தாக வேண்டுமே? அதைக் கம்பியில் அனுப்பினால் நடுவில் இருப்பவன் எடுத்துக்கொள்வான். அதனால் அனுப்பாமலேயே இருவரும் ஒரே எண்ணுக்கு வந்துசேர வேண்டும். டிஃபியும் ஹெல்மனும் 1976-இல் வெளியிட்ட வழி இதற்குத்தான்.

சின்ன எண்களில் போட்டுப் பார்த்துவிடலாம். 47 என்ற பகா எண்ணும் 5 என்ற அடிப்படை எண்ணும் ஊருக்கே தெரியும். நான் ரகசியமாக 7-ஐ எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் 9-ஐ. 5-ஐ ஏழு தடவை பெருக்கி, 47-ஆல் வகுத்து, மீதியை உங்களுக்கு அனுப்புகிறேன்: 11. நீங்கள் அதே மாதிரி ஒன்பது தடவை செய்து எனக்கு 40 அனுப்புகிறீர்கள். இப்போது நான் 40-ஐ ஏழு தடவை பெருக்கி மீதி எடுத்தால் 38. நீங்கள் 11-ஐ ஒன்பது தடவை பெருக்கி மீதி எடுத்தாலும் 38. கம்பியில் போனவை 11-உம் 40-உம் மட்டுமே. ஒட்டுக்கேட்பவன் 38-ஐக் கண்டுபிடிக்க, 11-இலிருந்து 7-க்குத் திரும்பிப் போக வேண்டும். 47 என்றால் ஒரு நிமிஷத்தில் போய்விடுவான். அதனால் நிஜத்தில் நூற்றுக்கணக்கான இலக்கம் கொண்ட பகா எண்களைப் பயன்படுத்துகிறார்கள்.

கோளாறு இந்த இடத்தில்தான். அந்தப் பகா எண்ணை ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தேடுவதில்லை. ஐபிசெக்கின் சாவிப் பரிமாற்றத்துக்கான 1998-ஆம் வருஷத்து ஆவணத்திலேயே சில பகா எண்களை அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதில் 'குழு 2' என்பது 1024 பிட் எண். உலகம் முழுக்கப் பெட்டிகளில் அதே எண்தான் ஏறியது. எல்லாரும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டால் என்ன தப்பு என்றுதான் நானும் நினைத்தேன், ரகசியம் அதில் இல்லையே.

2015-இல் வந்த லாக்ஜாம் ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. திரும்பிப் போகும் அந்தக் கணக்கில் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டம் மகா கனமானது. ஆனால் அது பகா எண்ணை மட்டுமே சார்ந்தது, யாருடைய உரையாடலையும் சார்ந்தது அல்ல. அதை ஒருமுறை முடித்து வைத்துவிட்டால், அந்தப் பகா எண்ணில் நடந்த எந்தப் பரிமாற்றத்தையும் உடைக்க இரண்டாம் கட்டம் மட்டும் போதும். 1024 பிட்டுக்கு முதல் கட்டம் சுமார் 4.5 கோடி கோர்-ஆண்டுகள் பிடிக்கும் என்று கணித்தார்கள். அதாவது ஒரே ஒரு கம்ப்யூட்டர் கோர் தனியாக உட்கார்ந்தால் அத்தனை ஆண்டுகள். இரண்டாம் கட்டத்துக்கோ ஒரு பரிமாற்றத்துக்கு சுமார் 30 கோர்-நாட்கள்தான். முதல் கட்டத்துக்கென்றே தனி வன்பொருள் செய்தால், சில நூறு மில்லியன் டாலர் செலவில் வருஷத்துக்கு ஒரு பகா எண்ணை முடிக்கலாம் என்பதும் அவர்கள் கணிப்பு. நமக்கு அது பெரிய தொகை, பெரிய நாட்டின் உளவுத்துறைக்கு அல்ல. அந்த ஒரு எண் உடைந்தால் தாங்கள் சோதித்த விபிஎன் சர்வர்களில் 66 சதவீதம் ஒட்டுக்கேட்கக் கூடியவையாகிவிடும் என்றார்கள். தொலைவிலிருந்து கதவைத் தட்டிப் பார்த்து எடுத்த எண்ணிக்கை அது. நிஜமான இரண்டு முனைகள் தங்களுக்குள் வேறு குழுவைத் தேர்ந்திருக்கலாம், அதனால் சதவீதத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துத்தான் பார்க்க வேண்டும். வாதம் அதனால் பலவீனமாகவில்லை.

எங்கள் இணைப்பில் என்ன இருந்தது? லினக்ஸில் ஸ்ட்ராங்ஸ்வான் வைத்திருப்பவர்கள் `swanctl --list-sas` என்று கேட்டால் தெரியும். தேவையான பகுதி மட்டும்:

```
AES_CBC-256/HMAC_SHA1_96/PRF_HMAC_SHA1/MODP_1024
INSTALLED, TUNNEL, ESP:AES_CBC-256/HMAC_SHA1_96
```

முதல் வரியின் கடைசியில் நிற்கும் MODP_1024-தான் குழு 2. அதன் பலம் ஏறத்தாழ 80 பிட் என்று மதிப்பிடுகிறார்கள். அதே வரியின் தொடக்கத்தில் 256 என்று இருப்பதால் ஒரு பயனும் இல்லை, உடைப்பவன் அந்தப் பக்கமே வரமாட்டான்.

இரண்டாவது வரிதான் நான் எடுத்துவிட்ட டிக். ஐபிசெக்கில் இரண்டு அடுக்கு இருக்கிறது. முதலில் இரு முனைகளும் டிஃபி-ஹெல்மன் செய்து ஒரு தாய் ரகசியத்தை உண்டாக்குகின்றன. நம் தரவைப் பூட்டும் சாவிகள் அதிலிருந்து பிறக்கும் பிள்ளைகள். பிள்ளைச் சாவி மணிக்கொரு முறை மாறும். PFS அணைந்திருந்தால், புதுப் பிள்ளை பழைய தாயிடமிருந்தே வருகிறது. கூடச் சேர்க்கும் எண்கள் இரண்டும் தாய்ச் சாவியிலிருந்து வந்த பூட்டுக்குள்தான் பயணிக்கின்றன. ஆக, தாயை உடைத்தவனுக்கு எல்லாப் பிள்ளைகளும் கிடைக்கும். PFS இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக ஒரு டிஃபி-ஹெல்மன் நடக்கும். எங்கள் தாய் ரகசியம் 24 மணி நேரம் வாழ்ந்தது. போக்குவரத்தைப் பதிவு செய்து வைத்திருக்கும் ஒருவன், நான் டிக்கை எடுத்த பிறகு ஒரே ஒரு 30 கோர்-நாள் கணக்கில் முழு நாளையும் படித்துவிடலாம். டிக் இருந்திருந்தால் ஒவ்வொரு மணிக்கும் தனிக் கணக்கு போட்டாக வேண்டும். அதே நோஞ்சான் பகா எண்ணில் இது பெரிய காவல் இல்லைதான். நல்ல குழுவில் இதற்கு மதிப்பு வேறு: முனைக் கருவி நாளைக்கே திருடுபோய், தாய் ரகசியம் அதன் நினைவகத்திலிருந்து வெளியே வந்தாலும், அழித்துவிட்ட பிள்ளைச் சாவிகளைத் திரும்ப உண்டாக்க முடியாது. முன்னோக்கு ரகசியம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அப்போ அந்த ஒரு மணி நேரம்? எங்கள் பக்கம் PFS போட்டிருந்தோம், கிளையில் போடவில்லை. ஐகேஇ இரண்டாம் பதிப்பில் முதல் பிள்ளைச் சாவி, அடையாளத்தைச் சரிபார்க்கும் படியிலேயே சேர்ந்து பிறந்துவிடும். அதற்குத் தனி டிஃபி-ஹெல்மன் கிடையாது. அதனால் PFS பொருந்தாவிட்டாலும் இணைப்பு ஜோராக எழும்பும். ஒரு மணி கழித்துச் சாவி மாற்றும்போதுதான் இரண்டு பக்கமும் முட்டிக்கொள்ளும். பதிவேட்டில் `NO_PROPOSAL_CHOSEN` என்று வந்தது, எனக்கு அப்போது அர்த்தம் புரியவில்லை. சரியான வைத்தியம், கிளையிலும் அதே குழுவோடு PFS-ஐப் போடுவது. ஒரு மணி நேரம் காத்திருக்காமல் சோதிக்க வழியும் உண்டு:

```
swanctl --rekey --child branch
```

மாற்றம் முடிந்து மறுபடி பட்டியலைப் பார்த்தால், இரண்டாவது வரியின் கடைசியிலும் குழுவின் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் PFS நடக்கவில்லை.

நான் செய்தது என் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஐபிசெக் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஹோட்டல் மெனு மாதிரி சைஃபர், ஹாஷ், குழு, PFS எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. வலுவானதையும் சொத்தையானதையும் சேர்த்து ஆர்டர் பண்ணினால் தடுப்பதில்லை. முக்கியமான ஒன்றை விரும்பினால் போட்டுக்கொள் என்று விட்டுவிடுகிறது. குழு 2-ஐத் தவிர்க்கச் சொல்லும் ஐஇடிஎஃப் அறிவுரை 2017-இலேயே வந்தது. பெட்டிகளுக்குள் இருக்கும் பழைய செட்டிங் அதைப் படிப்பதில்லையே.

வயர்கார்ட் இந்த மெனுவையே தூக்கி எறிந்துவிட்டது. சாவிப் பரிமாற்றத்துக்கு கர்வ்25519, பூட்டுக்கு சாச்சா20-பாலி1305. வேறு எதுவும் கிடையாது, கேட்கவும் முடியாது. கர்வ்25519-இன் பலம் சுமார் 128 பிட், எல்லாப் பகுதிகளும் ஏறக்குறைய ஒரே உயரம். முன்னோக்கு ரகசியத்துக்கு டிக்கே இல்லை. போக்குவரத்து இருக்கும்வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கைகுலுக்கும், மூன்று நிமிடம் தாண்டிய சாவியைப் பயன்படுத்தாது. `wg show` கொடுத்தால் `latest handshake` என்ற வரியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். என்னைப் போன்ற ஆள் அவசரத்தில் கெடுப்பதற்கு அதில் இடமே இல்லை.

ஆனாலும் ஒரு இடத்தில் எனக்குத் தயக்கம். இன்றைக்குப் பதிவு செய்து வைத்து, பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் வந்த பிறகு உடைப்பது என்ற ஆபத்துக்கு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சாவி மாற்றுவது மருந்து ஆகாது. மாற்றும் ஒவ்வொரு முறையும் அதே கர்வ்25519-தானே, உடைந்தால் எல்லாம் சேர்ந்து உடையும். வயர்கார்ட் இதற்குக் கொடுப்பது, இரு முனைகளிலும் முன்கூட்டியே கையால் வைக்கும் ஒரு 32 பைட் ரகசியம். அது கணக்கில் கலக்கும், ஆனால் தானாக மாறாது. நாம் மாற்றும்வரை ஒரே சாவி. நான் திட்டிய ஐபிசெக்கோ, மெனு இருப்பதாலேயே, 2023-இல் வந்த திருத்தத்தின்படி பழைய பரிமாற்றத்தின் மேல் குவாண்டத்தைத் தாங்கும் இன்னொரு பரிமாற்றத்தை அடுக்கிக்கொள்ள முடிகிறது.

வீட்டில் வயர்கார்ட்தான் வைத்திருக்கிறேன், அந்த 32 பைட் ரகசியத்தோடு. பழைய அலுவலகத்தில் இப்போது இருப்பவரிடம் போன் பண்ணிச் சொல்லி, இரண்டு பக்கமும் குழுவை மாற்றி PFS-ஐப் போடவைத்துவிட்டேன். நடுவில் போன அந்த வருஷங்களின் போக்குவரத்தை யாராவது பிடித்து வைத்திருந்தால், அதற்கு இப்போது செய்யக்கூடியது எதுவும் இல்லை.