மணிக்கணக்கில் ஆகும் செலவு

மே மாத மதியம் வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற மின்காரில் ஏறி ஏசியைப் போட்டதும், 170 கிலோமீட்டர் காட்டிய திரை சில கார்களில் கண்ணெதிரே 145க்கு இறங்கிவிடும். வண்டி ஓரடிகூட நகர்ந்திருக்காது. கொதிக்கும் உட்புறத்தைக் குளிர வைக்க கம்ப்ரசர் முதல் சில நிமிடங்கள் மூன்று கிலோவாட் வரை இழுக்கும். பிறகு ஒன்று, ஒன்றரையில் அடங்கிவிடும். அந்த முதல் இழுப்பே வழி நெடுக நீடிக்கும் என்று மென்பொருள் கணக்குப் போடுவதால்தான் இந்த வீழ்ச்சி.

திரை இப்படிக் குறைத்துக் காட்டுவதை வீண் என்று தள்ள மாட்டேன். நெடுஞ்சாலையில் அது பெரும்பாலும் உண்மையை ஒட்டியே நிற்கிறது. அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2019இல் ஐந்து மின்கார்களைச் சோதித்தபோது, 35 டிகிரி வெப்பத்தில் ஏசியோடு ஓட்டினால் ரேஞ்ச் சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. அந்த அளவுக்கு முன்கூட்டியே குறைத்துக் காட்டுவது ஓட்டுபவருக்கு நல்லதுதான். ஆனால் அடிப்படையில் ஒரு பிழை இருக்கிறது. சக்கரத்தைச் சுழற்றும் செலவு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஆகிறது. ஏசியின் செலவு மணிக்கு இவ்வளவு என்று ஆகிறது. இரண்டையும் ஒரே கிலோமீட்டர் எண்ணாக்கும்போது, வேகம் மாறினால் அந்த எண் பொய்யாகிவிடுகிறது.

30 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு மாலை, பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டி சென்னைக்குத் திரும்புகிறது. மீதம் 18 சதவீதம், அதாவது 5.4 யூனிட். இதுவரை 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்ததால், ஏசியையும் சேர்த்து கிலோமீட்டருக்கு 135 வாட் மணி செலவு. திரை 40 கிலோமீட்டர் போகலாம் என்கிறது. வீடு 33 கிலோமீட்டரில். பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும்.

ஆனால் அங்கிருந்தே தொடங்கும் நெரிசலில் 15 கிலோமீட்டரை ஊர்ந்து கடக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. ஓட்டத்துக்குச் செலவானது ஒன்றரை யூனிட். நின்று நின்று போனதில் ஏசிக்குச் செலவானது ஏறக்குறைய 1.9 யூனிட். குளிர்ச்சி ஓட்டத்தைவிட அதிகம் தின்றுவிட்டது. மிச்சம் இரண்டு யூனிட், ஏழு சதவீதத்துக்கும் குறைவு. இப்போது நெரிசலின் செலவை வைத்து திரை 9 கிலோமீட்டர் என்கிறது. இன்னும் போக வேண்டியது 18. ஆனால் நெரிசல் விலகி 40 வேகம் கிடைத்தால், ஏசியோடு 14, ஏசி இல்லாமல் 20 கிலோமீட்டர் வரை போகும். முன்பு சொன்ன 40ம் தவறு, இப்போது சொல்லும் 9ம் தவறு. இந்தக் காரில் ஏசி மணிக்கு 5 சதவீதம் சார்ஜைத் தின்னும் என்று திரை ஒரு வரி காட்டியிருந்தால், பரனூரிலேயே ஓட்டுபவர் நெரிசலைக் கணக்கில் சேர்த்திருப்பார்.

இந்த இடத்தில்தான் குறைந்த சார்ஜ் பாதுகாப்பு குறுக்கே வருகிறது. சார்ஜ் அடிமட்டத்தை நெருங்கும்போது பல கார்கள் மோட்டாரின் சக்தியைக் குறைக்கும், சில ஏசியையும் மட்டுப்படுத்தும். நிசான் லீஃபில் ஆமைப் படம் எரியும். இதன் நோக்கத்தில் எனக்கு மறுப்பே இல்லை. அடிமட்டத்தில் செல்லின் மின்னழுத்தம் செங்குத்தாகச் சரியும். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் பலவீனமான ஒரு செல் எல்லை தாண்டி இறங்கிவிடலாம். அப்படியே விட்டால் உள்ளிருக்கும் தாமிரம் கரைந்து, பிறகு சார்ஜ் ஏற்றும்போது படிந்து, உள்ளேயே ஷார்ட் ஆகும் ஆபத்து உண்டு. பூஜ்யத்துக்குக் கீழே கொஞ்சம் இருப்பை ஒளித்து வைப்பதும் சரியே. காட்டினால் அதையும் ஓட்டித் தீர்த்துவிடுவோம்.

என் குறை வேறு. இந்தப் பாதுகாப்பு தொடங்கும் எல்லை சதவீதத்தை நம்பி நிற்கிறது. அந்த சதவீதமே ஒரு மதிப்பீடுதான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களில் சார்ஜின் நடுப்பகுதி முழுவதும் மின்னழுத்தம் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கும், அதனால் மீதத்தை அளப்பது கடினம். பல வாரங்களாக நூறு வரை ஏற்றாத காரில் 8 சதவீதம் சட்டென்று 3 ஆகலாம். அப்படி விழுந்தால் ஏசி முன்னறிவிப்பின்றி அடங்கும். பின்சீட்டில் கைக்குழந்தையோடு, கண்ணாடி ஏற்றிய காரில், நெரிசலின் நடுவே அது நடந்தால் என்ன ஆகும் என்று இந்த எல்லையை வகுத்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். ஏசி அடங்கப் போகிறது என்று பத்து நிமிடம் முன்னதாகவாவது சொல்ல வேண்டும். மோட்டாரின் உச்ச சக்தியை முதலில் வெட்டி, குளிர்ச்சியைக் கடைசியில் தொட வேண்டும். ஊர்ந்து போகும் வண்டிக்கு உச்ச சக்தி எதற்கு?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் பல கார்களில் அதே கம்ப்ரசர்தான் பேட்டரிக்கும் குளிர்ச்சி தருகிறது. நீங்கள் ஏசியை அணைத்தாலும், பேட்டரி சூடாக இருந்தால் அது தொடர்ந்து ஓடும். எதிர்பார்த்த மிச்சம் முழுதாகக் கிடைக்காது. மேலே சொன்ன 20 கிலோமீட்டரை அதனால் நம்ப மாட்டேன். தாம்பரத்தில் 25 கிலோவாட் சார்ஜர் ஒன்று காலியாகக் கிடைத்தால் அங்கேயே திருப்புவேன். பத்து நிமிடத்தில் நான்கு யூனிட் ஏறிவிடும், ஏசியை அணைக்காமலே வீடு வரும்.