எதிர்ப்பு ரகம் சுழற்சிக்கு மாற்றாகுமா?

காய்கறிப் பாத்திகளில் வேர் முடிச்சு நூற்புழுவைக் கட்டுப்படுத்தச் சொல்லப்படும் பரிந்துரைகளில் இரண்டு எப்போதும் அடுத்தடுத்த வரிகளில் வருகின்றன: பயிர்ச்சுழற்சி செய்க, எதிர்ப்புத்திறன் கொண்ட ரகத்தை நடுக. இரண்டில் ஏதேனும் ஒன்று போதும் என்றுதான் படிப்பவர் புரிந்துகொள்கிறார். சுழற்சிக்கு, நல்ல விலை போகும் பயிரை ஒரு பருவமாவது கைவிட வேண்டும். எதிர்ப்பு ரகத்துக்கு விதைப் பொட்டலத்தை மாற்றினால் போதும். எது தேர்ந்தெடுக்கப்படும் என்பதில் ஐயமில்லை. ‘எதிர்ப்பு ரகம் இருக்கும்போது சுழற்சி எதற்கு?’ என்ற வாதம் தக்காளிச் சாகுபடியில் இன்று பரவலாக ஒலிக்கிறது. அந்த வாதம் எங்கே பிழைபடுகிறது என்பதை, நூற்புழு வேருக்குள் செய்யும் வேலையிலிருந்தே காட்டலாம்.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இராது. அது வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால், வேர் நீண்டு வளரும் பகுதியில் நுழைகிறது. செல்களைத் துளைக்காமல் அவற்றின் இடையே ஊர்ந்து முதலில் நுனியை நோக்கிச் செல்கிறது. அங்கே திரும்பி, நீரையும் உணவையும் கடத்தும் நடுத்தண்டுக்குள் ஏறுகிறது. ஓரிடத்தில் நிலைகொண்டதும், வாயிலுள்ள ஊசிபோன்ற உறுப்பால் சுற்றியுள்ள சில செல்களுக்குள் தன் சுரப்பைச் செலுத்துகிறது. அதன்பின் அந்தச் செல்களின் உட்கரு பிரிந்துகொண்டே போகிறது, ஆனால் செல் பிரிவதில்லை. பல உட்கருக்கள் கொண்ட ராட்சதச் செல்கள் இப்படித்தான் உருவாகின்றன. புழு வாழ்நாள் முழுவதும் இவற்றிலிருந்தே உண்கிறது. சுற்றியுள்ள செல்கள் பெருத்தும் பெருகியும் வேரை வீங்கச் செய்கின்றன. அந்த வீக்கமே முடிச்சு. அவரைக் குடும்பப் பயிர்களின் வேரில் இருக்கும் தழைச்சத்து முண்டுகள் வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும். நூற்புழு முடிச்சோ வேரே பருத்தது என்பதால் வேரை அறுக்காமல் அதைப் பிரிக்க முடியாது.

பெண் புழு பேரிக்காய் வடிவில் உப்பி, வேரின் வெளிப்புறத்தில் பசைபோன்ற உறைக்குள் 300 முதல் 500 முட்டைகள் வரை இடுகிறது. மண் 27 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் ஒரு தலைமுறை ஏறக்குறைய நான்கு வாரத்தில் முடிந்துவிடும். நான்கு மாதம் நிற்கும் தக்காளியின் வேரில் மூன்று தலைமுறைகளுக்குக் குறையாமல் பெருகும். காய்கறிகளை அதிகம் தாக்கும் மெலாய்டோகைன் இன்காக்னிட்டா ஆண் புழுவின் துணையின்றியே இனம் பெருக்குகிறது. ஆகவே ஒரு பெண் புழுவின் வழிவந்தவை பெரும்பாலும் அதன் படிகளே. இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

தக்காளியின் எதிர்ப்புத்திறன் ‘மி’ என்ற ஒரே மரபணுவிலிருந்து வருகிறது. தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளி இனமொன்றில் இருந்த அதைச் சாதாரணக் கலப்பால் பயிரிடும் தக்காளிக்குள் கொண்டுவர முடியவில்லை. 1944-இல் அமெரிக்காவில் பி. ஜி. ஸ்மித் கலப்புக் கருவைத் தனியே எடுத்துச் செயற்கை ஊடகத்தில் வளர்த்துத் தடையைத் தாண்டினார். அந்தக் கலப்பின் வழியாகத்தான் இன்றைய ரகங்களுக்கு இந்த மரபணு வந்திருக்கிறது. 1998-இல் அது பிரித்தெடுத்து அடையாளம் காணப்பட்டது. அது வேலை செய்யும் முறை எளியது: புழு உண்ணத் தொடங்கும் இடத்திலுள்ள செல்கள் உடனே மடிகின்றன. ராட்சதச் செல் உருவாவதில்லை. புழு பட்டினியால் சாகிறது, அல்லது வேரைவிட்டு வெளியேறுகிறது.

இதன் பெருமைகளை மறுப்பதற்கில்லை. மண்ணில் நஞ்சு இட வேண்டியதில்லை, கூடுதல் செலவும் இல்லை. வேருக்குள் நுழையும் புழுக்களைக் கொன்றுவிடுவதால் இந்தத் தக்காளி ஒரு பொறிப்பயிராகவும் நிற்கிறது. அடுத்து வரும் வெண்டைக்கும் வெள்ளரிக்கும் பாத்தி ஓரளவு தூய்மையாகக் கிடைக்கிறது. இந்தியாவிலும் ஹிசார் லலித், பி.என்.ஆர். 7 போன்ற எதிர்ப்பு ரகங்கள் உருவாக்கப்பட்டுள்ளன. கத்தரிக்குச் சுண்டை வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டும் முறையும் நல்ல பலன் தருகிறது.

ஆனால் ஒற்றை மரபணுவின் எல்லைகள் மூன்று. முதலாவது வெப்பம். மண் 28 டிகிரியைத் தாண்டும்போது மி மரபணுவின் காவல் தளர்கிறது. புழு நுழைந்த முதல் ஓரிரு நாள் வெப்பமே இதில் முக்கியம் என்பதால், ஆய்வறையில் தெரியும் முறிவு வயலில் அதே அளவுக்குத் தெரிவதில்லை. எனினும் தமிழகச் சமவெளியின் பங்குனி, சித்திரை மண்ணை இந்தச் சலுகை காப்பாற்றாது. இரண்டாவது இனம். இம்மரபணு இன்காக்னிட்டா, ஜவானிகா, அரினேரியா ஆகிய மூன்று இனங்களைத் தடுக்கும். ஹாப்லாவையும் என்டரோலோபியையும் தடுக்காது. என்டரோலோபி 2016-இல் தமிழ்நாட்டுக் கொய்யாத் தோட்டங்களிலிருந்து அறிவிக்கப்பட்டது. அது நாற்றங்கால் பைமண்ணோடு பயணிக்கக்கூடியது. இளங்கொய்யாவுக்கு இடையே ஊடுபயிராக எதிர்ப்புத் தக்காளியை நட்டால் அந்த அடைமொழிக்கு அங்கே பொருளில்லை.

மூன்றாவது எல்லைதான் எல்லாவற்றிலும் பெரியது. பரிந்துரைப் பட்டியல்கள் அதைப் பற்றியே வாய்திறப்பதில்லை. எதிர்ப்பு ரகத்தை ஒரே பாத்தியில் தொடர்ந்து நட்டால், அந்த எதிர்ப்பை மீறும் புழுக்களை அதுவே பொறுக்கி எடுக்கிறது. ஒரு பாத்தியில் உள்ள இலட்சக்கணக்கான இளம்புழுக்களில் மிகச் சிலவற்றுக்கு மி மரபணு இருக்கும் வேரிலும் உண்ணும் திறன் இருக்கலாம். மற்றவை சாகின்றன, இவை மட்டும் முட்டையிடுகின்றன. கலப்பில்லாப் பெருக்கம் என்பதால் அந்தத் திறன் நீர்த்துப்போகாமல் அடுத்த தலைமுறைக்கு அப்படியே போகிறது. கலிபோர்னியாவிலும் மத்தியதரைக் கடல் நாடுகளின் பசுமைக்குடில்களிலும் இத்தகைய புழுக்கூட்டங்கள் வயலிலேயே பதிவாகியுள்ளன.

எனவே மரபணுவின் ஆயுளைத் தீர்மானிப்பதில் அதன் தரத்தைப் போலவே அதன்முன் நிறுத்தப்படும் புழுக்களின் எண்ணிக்கைக்கும் பங்குண்டு. எண்ணிக்கை பெரிதாக இருந்தால், மீறும் புழு ஒன்றாவது அதில் இருக்கும் வாய்ப்பும் பெரிது. அந்த எண்ணிக்கையைக் குறைப்பது சுழற்சியின் வேலை. சுழற்சியை விட்டுவிட்டு எதிர்ப்பு ரகத்தை நடச் சொல்லும் பரிந்துரை, மரபணுவைக் கெடுக்கும் வழியையே பரிந்துரைக்கிறது. இதைக் கவனக்குறைவு என்று சொல்லி விட்டுவிட முடியாது. விதை விற்பவருக்கு வசதியான பாதி உண்மையை அறிவுரையாக அச்சிடும் வழக்கம் இது.

ஒரு பாத்தியை எடுத்துக்கொள்ளலாம். பங்குனியில் எதிர்ப்புத் தக்காளி நடப்பட்டது. அறுவடை முடிந்து பிடுங்கியபோது வேரில் முடிச்சுகள். ‘ரகம் பொய்’ என்று உடனே முடிவுகட்டுவது தவறு. முடிச்சு கனத்த செடிகள் ஆங்காங்கே சில மட்டும், மற்றவை தூய்மை என்றால் விதையில் கலப்படம் இருக்கலாம். எல்லாச் செடியிலும் முடிச்சு என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது முட்டைத் திரள். எதிர்ப்பு என்பது புழு பெருகாமல் தடுப்பது; சிறு வீக்கம் இருந்தும் முட்டை இல்லை என்றால் எதிர்ப்பு வேலை செய்கிறது. வேரைக் கழுவி, ஒரு லிட்டர் நீரில் 0.15 கிராம் ஃப்ளாக்சின் பி சாயம் கரைத்துக் கால் மணி நேரம் ஊறவைத்தால் முட்டைத் திரள்கள் சிவந்து தெரியும். நிறையத் தெரிந்தால், அதே மண்ணைத் தொட்டிகளில் நிரப்பி, மார்கழிக் குளிரில் அதே ரகத்தையும் எதிர்ப்பில்லாத ஒரு ரகத்தையும் அருகருகே நட வேண்டும். எதிர்ப்பில்லாத செடியில் மட்டும் முட்டை இருந்தால் பங்குனியில் நேர்ந்தது வெப்ப முறிவு. இரண்டிலும் இருந்தால் அது வேறு இனம், அல்லது எதிர்ப்பை மீறும் கூட்டம். இனத்தைப் பெண் புழுவின் பின்பகுதி வரிகளை நுண்ணோக்கியில் பார்த்தோ மூலக்கூறுச் சோதனையாலோ ஆய்வகம் சொல்லும்.

இனம் தெரிந்தால்தான் சுழற்சிக்கும் பொருள் உண்டு. தக்காளிக்குப் பின் கத்தரி, கத்தரிக்குப் பின் வெண்டை, பிறகு பாகல் என்பது சுழற்சி ஆகாது. நான்கும் இன்காக்னிட்டாவுக்கு உணவு. நிலக்கடலையில் இன்காக்னிட்டா பெருகாது, ஆனால் அரினேரியாவின் ஒரு வகை நிலக்கடலையிலேயே வாழும். செண்டுமல்லி வேரில் நுழையும் இளம்புழு வளர முடியாமல் மடிகிறது; ஆனால் அதை வரப்போரம் ஒரு வரிசை நட்டால் அந்த வரிசையின் வேருக்கு அப்பால் பெரிய பயன் இல்லை. பாத்தி முழுவதும் நெருக்கமாக, ஒரு பருவம் முழுதும் நிற்க வேண்டும். அந்தப் பருவத்தில் மணத்தக்காளி, முள்ளுக்கீரை போன்ற களைகள் நின்றுவிட்டால் புழு அவற்றில் உயிர்வாழும். சுழற்சி பெயரளவில்தான் இருக்கும்.

இன்காக்னிட்டா இருக்கும் பாத்திக்கு வரிசை இப்படி அமைய வேண்டும். கோடையில் பழைய வேர்களை முழுதாகப் பிடுங்கி அகற்றி, மண்ணைக் கிளறிக் காயவிடுதல். ஆடியில் களையில்லாமல் நிலக்கடலை, அல்லது பாத்தி நிறையச் செண்டுமல்லி. குறைந்த எண்ணிக்கையோடு ஐப்பசி, கார்த்திகைக் குளிரில் எதிர்ப்புத் தக்காளி. அதற்கு அடுத்த பருவத்தில் விரும்பினால் வெண்டை. எதிர்ப்பு மரபணு இல்லாத பயிரில், எதிர்ப்பை மீறும் புழுக்கள் மற்றவற்றைவிடக் குறைவாகப் பெருகுவது பல ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. ஆகவே இடையிடையே மரபணுவுக்கு ஓய்வு தருவதும் அதைக் காக்கும் ஒரு வழி. ஆனால் வெண்டையில் மற்றப் புழுக்கள் மீண்டும் பெருகும் என்பதால், அடுத்த எதிர்ப்புத் தக்காளிக்கு முன் ஏற்காப் பயிர் ஒன்று மறுபடி வந்தே தீர வேண்டும்.

ஆகவே பரிந்துரையில் இவை இரண்டு வரிகளாக இருக்கக் கூடாது. புழு பெருகாத பயிரால் எண்ணிக்கையைக் குறைத்தபின், மண் குளிர்ந்த பருவத்தில், இனம் அறிந்து எதிர்ப்பு ரகத்தை நடுக என்று ஒரே வரியாக எழுத வேண்டும்.