ஒன்பது, ஆறும் மூன்றுமாகப் பிரிந்த மாலை

ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்ததை நினைத்தால் இன்னமும் உடம்பு சிலிர்க்கிறது. தங்கச்சி மகள் பி.யு.சி. இயற்பியல் பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து, "மாமா, லேசான கயிற்றில் போகிற அலைத்துடிப்பு கனமான கயிற்றைத் தொட்டதும் தலைகீழாகத் திரும்பி வருமாம். நிஜமா?" என்று கேட்டாள். கேட்டவுடன் கயிறு வாங்கக் கிளம்பிவிட்டேன்.

ஸ்ரீராமபுரத்துக் கடையில் துணி காயப்போடும் நைலான் கயிறு 25 மீட்டர் வாங்கினோம். தராசில் சரியாகக் கால் கிலோ. அதாவது மீட்டருக்கு 10 கிராம். கனமான கயிற்றுக்கு எங்கே போவது? அதே கயிற்றை நாலு இழையாகச் சேர்த்தால் மீட்டருக்கு 40 கிராம் ஆகிவிடுகிறதே!

முதல் தடவை ஒற்றைக் கயிற்றையும் நாலிழைக் கயிற்றையும் பெரிய முடிச்சாகப் போட்டு இணைத்தேன். அது தப்பு. சந்தேகம் வந்து, ஒற்றைக் கயிற்றை வெட்டி அதே மாதிரி முடிச்சு போட்டுச் சோதித்தோம். இரண்டு பக்கமும் ஒரே கயிறு என்றால் எதுவும் திரும்பக் கூடாது. ஆனால் ஒரு சின்னத் துடிப்பு தலைகீழாகத் திரும்பியது. முடிச்சின் எடையே அலையை மறித்திருக்கிறது! அப்புறம் முடிச்சே போடவில்லை. 10 மீட்டர் கயிற்றை முழுசாக எடுத்து, அதன் பிற்பாதியில் மட்டும் 5 மீட்டர் துண்டுகள் மூன்றை ஒட்டி வைத்து, சாணுக்கு ஒரு கட்டாகத் தையல் நூலால் கட்டினோம்.

கனமான நுனியைக் கப்பியில் போட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டோம். இழுவிசை ஏறக்குறைய 10 நியூட்டன். லேசான நுனி என் கையில். பின்னால் கைப்பிடிச் சுவரில் 3 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சாக்பீஸ் கோடுகள். மருமகள் நொடிக்கு 240 படம் எடுக்கும்படி ஃபோனை வைத்துக்கொண்டாள். நான் கையைச் சட்டென்று 9 சென்டிமீட்டர் உயர்த்தி இறக்கினேன்.

வெறும் கண்ணுக்கு ஒரு உதறல்தான். மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் அந்த அழகு தெரிந்தது! மேடாகப் போன துடிப்பு சந்திப்பைத் தொட்டது. கனமான கயிற்றில் மேடாகவே, சுமார் ஆறு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒன்று முன்னால் போனது. லேசான கயிற்றில் மூன்றுக்குக் கொஞ்சம் குறைவான ஒரு பள்ளம் என் கையை நோக்கி ஓடி வந்தது. அந்தப் பள்ளம் கையைத் தொட்ட படத்தில், முன்னால் போனது பாதி வழியில்தான் இருந்தது. எடை நாலு மடங்கானால் வேகம் பாதியாகும் என்பதை ஒரே படத்தில் காட்டிவிட்டது. கணக்குப்படி லேசான கயிற்றில் நொடிக்கு 32 மீட்டர், கனமானதில் 16.

காரணம் எவ்வளவு எளிது தெரியுமா! கயிறு அறுந்து போகவில்லை. அதனால் சந்திப்பில் இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே உயரத்தில்தான் இருந்தாக வேண்டும். கனமான கயிறு சோம்பல்காரன். ஒன்பது சென்டிமீட்டர் எழும்பச் சொன்னால் ஆறுதான் எழும்புவான். அவன் கீழே பிடித்து இழுத்த மூன்றுதான் பள்ளமாகத் திரும்புகிறது. ஒன்பதில் மூன்று போக ஆறு, கணக்கு தீர்ந்தது.

பிறகு கயிற்றைத் திருப்பிப் போட்டோம். கனமான நுனி கையில், லேசான நுனி கப்பியில். இப்போது 6 சென்டிமீட்டர் உயர்த்தினேன். லேசான கயிற்றில் போன மேடு எட்டு சென்டிமீட்டரை நெருங்கியது! கொடுத்ததைவிடப் பெரிசு! திரும்பி வந்ததும் பள்ளமாக இல்லை, இரண்டு சென்டிமீட்டர் மேடாகவே வந்தது.

"மாமா, கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வந்தது?" என்றாள். அருமையான கேள்வி! எங்கிருந்தும் வரவில்லை. துடிப்பு சுமக்கும் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதோடு கயிற்று எடையின் வர்க்கமூலத்தையும் பெருக்க வேண்டும். உயரம் மூன்றில் நாலு பங்கு, அதன் வர்க்கம் ஒன்பதில் பதினாறு. லேசான கயிறு என்பதால் அதில் பாதி, ஒன்பதில் எட்டு. மீதி ஒரு பங்கு கைக்கே திரும்புகிறது. முதல் சோதனைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் ஒன்பதில் எட்டு பங்கு கடக்கிறது, ஒரு பங்கு திரும்புகிறது! பள்ளமோ மேடோ, எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் அந்தச் சந்திப்பு வாங்கும் சுங்கம் ஒன்றேதான்.

செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கப்பியில் மோதித் திரும்பும் துடிப்பும் தலைகீழாகத்தான் வரும். நேரத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். கயிற்றின் உராய்வில் உயரம் தேயும், ஆகவே சந்திப்பை ஒட்டியே அளந்துவிடுங்கள்.

இருட்டும்வரை உதறிக்கொண்டே இருந்தோம். கை வலித்தது, நிறுத்த மனம் வரவில்லை. அந்தக் கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை. துணியெல்லாம் நாலு நாளாக வீட்டுக்குள்தான் காய்கிறது.