அச்சச் சுவையும் திரைப்படமும்: காண்போர் தாங்குதிறன் பற்றிய ஓர் ஆய்வு

அச்சம் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றெனத் தொல்காப்பியம் கூறும். அது தோன்றுதற்குரிய நிலைக்களங்கள் நான்கென்றும் அந்நூல் வகுத்துள்ளது. அணங்கு, கொடுவிலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் என்பனவே அந்நான்கு. மூப்பு, பிணி, வருத்தம் முதலியவற்றின் வாயிலாகத் தோன்றும் இளிவரலை அச்சத்தோடு சேர்க்காது வேறொரு மெய்ப்பாடாகவே அந்நூல் வைத்தமையும் நோக்கத்தக்கது. மேனாட்டு அச்சத் திரைப்படங்களை ஆராயப் புகுவார்க்கு இப்பாகுபாடு இன்றும் பயன்படுவதாகும். “இப்படம் எவ்வளவு பயங்கரமானது?” என்று பொதுவாக வினவும் வினாவில் குறையொன்று உளது. அச்சத்தை ஒரே ஏணியாகவும், காண்போரை அதன் வெவ்வேறு படிகளில் நிற்பவராகவும் அது கருதுகின்றது. உண்மையில் ஏணிகள் பல. ஒன்றில் உயர ஏறவல்லார் மற்றொன்றின் முதற்படியிலேயே தளர்தல் கூடும்.

இதனை விளக்குதற்கு ஒன்றுக்கொன்று மிகச் சேய்மையில் நிற்கும் இரு வகைகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று நாட்டார் அச்சப்படம். மற்றையது ஸ்லாஷர் எனப்படும் கொலைவெறிப் படம். முன்னையதற்கு 1973 ஆம் ஆண்டு ரொபின் ஹார்டி இயக்கிய ‘த விக்கர் மேன்’ என்னும் பிரித்தானியப் படமும், பின்னையதற்கு 1978 ஆம் ஆண்டு ஜோன் கார்ப்பென்டர் இயக்கிய ‘ஹலோவீன்’ என்னும் அமெரிக்கப் படமும் தக்க சான்றுகளாம்.

‘விக்கர் மேன்’ படத்தில், ஹவி என்னும் பொலிஸ் அதிகாரி காணாமற்போன சிறுமி ஒருத்தியைத் தேடி, ஸ்கொத்லாந்துக்கு மேற்கேயுள்ள சமரைல் என்னும் கற்பனைத் தீவுக்குத் தனியே செல்கின்றார். அவர் ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடையவர். தீவினரோ பழைய தெய்வங்களை வழிபடுவோர். அச்சிறுமியை அறியோம் என அவர்கள் ஒருங்கே மறுக்கின்றனர். அவளைப் பெற்ற தாயும் மறுக்கின்றாள். படம் பெரும்பாலும் பகலொளியிலேயே நிகழ்கின்றது. பாட்டும் ஆடலும் அதில் மிகுதி. இறுதிவரை கொலை எதுவும் காட்டப்படுவதில்லை; திடீரெனத் தோன்றித் துணுக்குறுத்தும் உருவமும் இல்லை எனலாம். அற்றாயினும் காண்போர் உள்ளத்தில் ஓர் இறுக்கம் காட்சிக்குக் காட்சி வளர்கின்றது. அதற்குக் காரணம் யாதெனில், ஹவியின் அதிகாரம் அத்தீவில் சிறிது சிறிதாகப் பொருளற்றுப் போதலே. அவர் சட்டத்தின் பெயரால் வினவுகின்றார். தீவினர் இன்முகத்தோடு விடை கூறுகின்றனர். எவரும் அவருக்கு அஞ்சுவதில்லை. சென்ற ஆண்டு அங்கே விளைச்சல் பொய்த்தது என்பதை அவர் கண்டறியும்போது காலம் கடந்துவிடுகின்றது. தேடப்பட்ட சிறுமியே அவரைப் பொறிக்குள் அழைத்துச் செல்கின்றாள். பிரம்பால் முடைந்த பேருருவினுள் அவர் அடைக்கப்பட்டு எரிக்கப்படுகையில், ஊரார் மகிழ்ந்து பாடுகின்றனர்.

இவ்வச்சத்தின் நிலைக்களம் தொல்காப்பியர் கூறிய நான்கனுள் தலைவரைச் சார்ந்ததாகும். தீவின் தலைவனும் அவன்வழி நிற்கும் ஊரும் ஒருவரைப் பலியெனத் தீர்மானித்துவிட்டால், முறையிடுதற்கு வேறிடம் இல்லை. நாட்டார் அச்சப்படங்களை ஆராய்ந்த அடம் ஸ்கோவெல் என்பார், 2017 ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், இவ்வகைக்கு ஒரு சங்கிலித்தொடரைக் காட்டினார். நிலக்காட்சி, அதனால் விளையும் தனிமை, தனிமையிற் பிறழ்ந்து வளர்ந்த நம்பிக்கை, அந்நம்பிக்கை முற்றி நிகழும் செயல் என்பன அதன் கண்ணிகள். முதற்கண்ணி வெளிப்படும்போதே கடைக்கண்ணியும் உறுதிப்பட்டுவிடுகின்றது. தப்பவியலாமையே இவ்வகையின் உயிர்நிலை.

‘ஹலோவீன்’ படத்தின் நிலைக்களமோ கள்வரைச் சார்ந்தது. இல்லத்துட் புகும் மனிதனே ஈண்டு அஞ்சப்படும் பொருள். 1963 ஆம் ஆண்டு நிகழ்வதாகக் காட்டப்படும் தொடக்கக் காட்சியில், கமரா கொலைஞனின் கண்ணாகவே நின்று வீட்டினுள் நுழைகின்றது. முகமூடி அகற்றப்படும்போது, அவன் ஆறு வயதுச் சிறுவன் எனக் காண்கின்றோம். பதினைந்து ஆண்டுகளின்பின் அவன் அவ்வூருக்கு மீண்டு, வேலியருகிலும் துணி உலர்த்தும் முற்றத்திலும் வெண்முகமூடியோடு நிற்கின்றான். கார்ப்பென்டர் தாமே அமைத்த பியானோ இசை, ஐந்து ஐந்து அடியாக ஓயாது சுழல்கின்றது. இப்படத்தில் இரத்தம் மிகக் குறைவாகவே காட்டப்படுகின்றது. அது கையாளும் கருவி துணுக்கம். அமைதியை நீளவிட்டுச் சட்டத்தின் ஓரத்திலிருந்து உருவத்தை வரச்செய்து, அதே கணத்தில் ஒலியை உயர்த்துதலே அதன் முறை. ஒவ்வொரு துணுக்கத்தின் பின்னும் காண்போர் மூச்சுவிட இடமுண்டு. இறுதியில் லோரி என்னும் பெண் உயிர் பிழைக்கின்றாள். இத்தகைய பாத்திரத்தை 1987 ஆம் ஆண்டிலே கரொல் குளோவர் என்னும் ஆய்வாளர் ‘இறுதிப் பெண்’ எனப் பெயரிட்டார்.

இவ்விரண்டனுள் எது கடியது? காண்போர் யாரென அறியாது இதற்கு விடை கூறல் இயலாது. ஒலியால் உடல் துள்ளுவோர்க்கு ‘ஹலோவீன்’ பெருந்துன்பம். ‘விக்கர் மேன்’ எளிது. கையறு நிலையைப் பொறாதார்க்கு இது தலைகீழாகும். படம் முடிந்தபின் நிகழ்வதும் வேறுவேறே. ‘விக்கர் மேன்’ தரும் அச்சம் தீவிலேயே தங்கிவிடுகின்றது. ‘ஹலோவீன்’ படத்திலோ, சுடப்பட்டு வீழ்ந்தவன் கிடந்த இடம் வெறுமையாகக் காட்டப்பட்டபின், யாருமற்ற அறைகளும் படிக்கட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்ற, அவன் மூச்சொலி மட்டும் கேட்கின்றது. அவை எவர் வீட்டிலும் உள்ள அறைகள். ஆகலின் இரவில் தனித்துறங்குவோர்க்கு இவ்வச்சம் வீடுவரை தொடரும்.

இனி, வகைப்பெயரை மட்டும் நம்புவார் எங்ஙனம் பிழைபடுவர் என்பதையும் நோக்கவேண்டும். ஸ்லாஷர் எனின் குருதி, நாட்டார் அச்சம் எனின் மென்மை என்பது பலர் கருத்து. ‘ஹலோவீன்’ பெற்ற வெற்றியைப் பின்பற்றி 1980 ஆம் ஆண்டு வந்த ‘ஃபிரைடே த தேர்ட்டீன்த்’, டொம் சவீனியின் ஒப்பனைத் திறத்தால் வெட்டுக்காயங்களை வெளிப்படையாகக் காட்டிற்று. வகை ஒன்றே, ஆயின் முன்னையது அச்சத்தாலும், பின்னையது பெரிதும் இளிவரலாலும் இயங்குகின்றது. மறுபுறம், 2019 ஆம் ஆண்டு அரி அஸ்டர் இயக்கிய ‘மிட்சொம்மார்’ ‘விக்கர் மேன்’ மரபில் வந்த நாட்டார் அச்சப்படமே. எனினும் சுவீடன் நாட்டுக் கோடைவெயிலில், முதியோர் இருவர் பாறையினின்று குதிக்கும் காட்சியில், சிதைந்த முகத்தைக் கமரா விலகாது காட்டுகின்றது. அதற்கும் முன்னே, படத்தின் தொடக்கத்தில், கதைத்தலைவியின் தங்கை பெற்றோரையும் கொன்று தானும் மாயும் நிகழ்வு வருகின்றது. அண்மையில் உற்றாரை இழந்த ஒருவரை வருத்துவன இறுதியில் வரும் சடங்குகள் அல்ல, இத்தொடக்க நிமிடங்களே.

தணிக்கையாளர் வழங்கும் சான்றிதழும் முழுமையான அளவுகோல் ஆகாது. இதற்கு 1974 ஆம் ஆண்டு டோப் ஹூப்பர் இயக்கிய ‘த டெக்சாஸ் செயின் சோ மசாக்கர்’ தெளிந்த சான்று. அதன் பெயர் அறிவிக்கும் அளவு குருதி அதிற் காட்டப்படுவதில்லை. கொக்கியில் ஒரு பெண் மாட்டப்படும் காட்சியிலும், கொக்கி உடலிற் புகுவதைக் கமரா காட்டவில்லை. அற்றாயினும் பிரித்தானியத் தணிக்கைச் சபை 1975 ஆம் ஆண்டில் அதற்குச் சான்றிதழ் மறுத்தது. சில அடிகளை வெட்டி நீக்கிப் படத்தைத் தணிக்கலாமா என ஆராய்ந்தபோது, அஃது இயலாதென்பது புலப்பட்டது. வெட்டத்தக்க காயம் அங்கு இல்லை. இடையறாத அலறலும், இயந்திரத்தின் இரைச்சலும், பிடிபட்டவளின் கண்களை அணுகிக் காட்டும் அண்மைக் காட்சிகளும் சேர்ந்து எழுப்பிய முழுமையே தாங்கற்கரியதாய் நின்றது. 1999 ஆம் ஆண்டிலேதான் வெட்டின்றி, பதினெட்டு வயதினர்க்குரியதாக அஃது அங்கு அனுமதிக்கப்பட்டது. அச்சம் ஒரு காட்சியில் மட்டும் உறைவதன்று என்பதை இவ்வரலாறு மெய்ப்பிக்கின்றது.

ஆகவே ஒருவருக்கேற்ற படத்தைத் தெரிவுசெய்வார் முதலில் அறியவேண்டியது அவர் எதனைப் பொறார் என்பதே. அதனை அவர் முன்பு கண்ட படமொன்றில் அவர் நடந்துகொண்ட முறையிலிருந்தே அறியலாம். செவியைப் பொத்துபவர் துணுக்கத்தைப் பொறாதவர். கண்ணை மூடுபவர் இளிவரலைப் பொறாதவர். இரண்டையும் செய்யாது, “இனி என்ன நிகழும்?” என்று அயலாரை வினவுபவரும், எழுந்து வெளியே செல்ல விழைபவரும் தப்பவியலாமையைப் பொறாதவர். ஒவ்வொருவர்க்கும் பரிகாரமும் வேறு. முதல்வர்க்கு ஒலியைக் குறைத்தாற் போதும். துணுக்கத்தின் பெரும்பகுதி ஒலியில் உள்ளது. இரண்டாமவர் முகம் திருப்பிக்கொள்ளலாம். ஆயின் ‘டெக்சாஸ்’ போன்ற படத்தில் அது பயனளியாது. மூன்றாமவர்க்குக் கதைமுடிவை முன்னரே கூறிவிடல் நன்று. ‘விக்கர் மேன்’ முடிவை அறிந்து காண்பவர்க்கும் அதன் சுவை அழிவதில்லை. தீவினரின் ஒவ்வொரு புன்னகையும் இருபொருள்பட ஒலிக்கும்.

எடுத்துக்காட்டாக, ‘ஃபிரைடே த தேர்ட்டீன்த்’ படத்திற் கண்ணை மூடியிருந்தும், இசை உயர்ந்தபோது கலங்காத ஒருவரைக் கருதுவோம். ஸ்லாஷர் வகை முழுவதும் அவர்க்கு ஆகாதென விலக்குதல் பொருந்தாது. ‘ஹலோவீன்’ அவர்க்கு ஏற்கும். அதனைத் தாங்கினாராயின் ‘விக்கர் மேன்’ காட்டலாம்; அதன் முடிவு அவர் உள்ளத்தை எங்ஙனம் தாக்குகின்றதென மறுநாள் வினவி அறியலாம். அதனையும் ஏற்றாராயின், ரொபர்ட் எகர்ஸ் 2015 ஆம் ஆண்டில் இயக்கிய ‘த விட்ச்’ அடுத்த படியாகும். அங்கே தனிமையும் ஐயமும் ஒரு குடும்பத்தையே உள்ளிருந்து அரிக்கின்றன. ‘மிட்சொம்மார்’ அவர்க்கு உரியதன்று. வகையால் ‘விக்கர் மேன்’ படத்துக்கு உறவாயினும், அவர் மூடும் கண்களையே அது குறிவைக்கின்றது.

சான்றிதழ் காண்போரின் வயதைச் சொல்லும். வகைப்பெயர் கதையின் போக்கைச் சொல்லும். மெய்ப்பாட்டை அவ்விரண்டும் சொல்வதில்லை. அதனை அறிய விழைபவர், திரையிலிருந்து கண்ணைத் திருப்பி அருகிருப்பவரின் கைகள் செவிக்குச் செல்கின்றனவா, கண்ணுக்குச் செல்கின்றனவா என்று நோக்குதலே தக்கது.